உதவி: முன்பதிவு சாட்பாட்டில் எந்தப் படியில் விட்டுப் போகிறார்கள்? கணக்கு இடிக்கிறது

அரைகுறை_டெவ்

கொஞ்சம் அவசரம். எங்கள் கிளினிக் முன்பதிவு சாட்பாட்டில் ஆறு படிகள்: சேவை, தேதி, நேரம், பெயர், போன் நம்பர், உறுதி செய்தல். பாதியில் போகிறவர்கள் எங்கே போகிறார்கள் என்று பார்க்க, போன வாரத்து லாக்கை இப்படி எண்ணினேன்:

```sql
SELECT step, COUNT(*) FROM chat_events
WHERE event = 'step_completed'
GROUP BY step;
```

```
service   655
date     1040
time      318
name      301
phone     262
confirm   240
```

சேவையைத் தேர்ந்தெடுத்தவர்களை விடத் தேதி கொடுத்தவர்கள் எப்படி அதிகமாக இருக்க முடியும்? லாக் எழுதுவதில் கோளாறா? மேலாளர், "போன் நம்பர் கேட்கிறாய், அதனால்தான் ஓடுகிறார்கள், எடுத்துவிடு" என்கிறார். எடுத்துவிடலாமா?

வெண்டைக்காய்

மேலாளர் சொல்வது சரி. நம்பர் கேட்டாலே விளம்பர அழைப்பு வரும் என்று பயந்து மூடிவிடுவார்கள். நானே அப்படித்தான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

மணல்மேடு

அது ஏற்கெனவே ஐந்தாவது படியில்தானே இருக்கிறது வெண்டைக்காய்? அதற்கு முன்னாலேயே 655 எங்கே, 301 எங்கே.

அரைகுறை, சில விஷயம் சொல்லுங்கள். கேள்வி திரையில் வந்ததும் தனியாக லாக் ஆகிறதா, பதில் வந்தால் மட்டும்தானா? ஒரு செஷன் எப்போது முடிகிறது? தேதியை மாற்றத் திரும்பிப் போக வழி உண்டா?

பழைய_புலி

இந்தக் கேள்வி மாதம் ஒரு தடவை வருகிறது. `COUNT(*)` வரிகளை எண்ணும், ஆட்களை எண்ணாது. ஒரே ஆள் தேதியை மூன்று தடவை மாற்றினால் மூன்று வரி. இழை திறப்பதற்கு முன்னால் தேடிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். ஒவ்வொரு செஷனுக்கும் அதிகபட்சப் படி எது என்று `MAX` போட்டு எடுங்கள், முடிந்தது கதை.

சுண்ணாம்பு

எங்களுக்கும் இதே பிரச்சினை. பணம் கட்டும் லிங்க் வேறு டேபில் திறக்கும், கட்டிவிட்டு யாருமே சாட்டுக்குத் திரும்ப மாட்டார்கள். பணம் வந்திருக்கும், லாக்கில் மட்டும் விட்டுப் போனதாக இருக்கும். உங்கள் பேமென்ட் லிங்க்கைப் பாருங்கள்.

அரைகுறை_டெவ்

பேமென்ட் எங்களிடம் கிடையாது, நேரில்தான் கட்டுவார்கள். மணல்மேடு சார், `step_shown` என்று ஒரு ஈவென்ட் இருக்கிறது, சொல்ல மறந்துவிட்டேன். 30 நிமிடம் சும்மா இருந்தால் செஷன் முடிந்துவிடும். திரும்பிப் போகும் பட்டன் இல்லை. ஆனால் தேர்ந்தெடுத்த நாளில் இடம் இல்லை என்றால் சாட்பாட்டே மறுபடி தேதி கேட்கும்.

மணல்மேடு

அந்தக் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். லாக்கில் கோளாறு இல்லை. ஒரே ஆட்கள் திரும்பத் திரும்பத் தேதி கொடுத்திருக்கிறார்கள், அது அப்படியே பதிவாகியிருக்கிறது. முதலில் செஷன்களை எண்ணுங்கள். கேள்வியைப் பார்த்தது தனி, பதில் சொன்னது தனி:

```sql
SELECT step,
  COUNT(DISTINCT CASE WHEN event = 'step_shown'
        THEN session_id END) AS shown,
  COUNT(DISTINCT CASE WHEN event = 'step_completed'
        THEN session_id END) AS done
FROM chat_events
GROUP BY step;
```

ஒரே படியில் shown-க்கும் done-க்கும் உள்ள வித்தியாசம், கேள்வியைப் பார்த்தும் பதில் சொல்லாதவர்கள். முந்தைய படியின் done-க்கும் அடுத்த படியின் shown-க்கும் இடையில் ஆள் குறைந்தால் அது வேறு வியாதி: கேள்வியே திரைக்கு வரவில்லை. அதை மென்பொருள் கோளாறாகத்தான் பார்க்க வேண்டும், ஆட்களின் மனநிலையை ஆராய்ந்து பயனில்லை.

புலி சொன்ன `MAX` இங்கே ஏமாற்றும். இவர்கள் சாட்பாட் ஆட்களைப் பின்னால் தள்ளுகிறது. நேரம் வரை வந்தவரை மறுபடி தேதிக்கு அனுப்பி, அவர் அங்கேயே போய்விட்டால், `MAX` அவரை நேரத்தின் கணக்கில்தான் எழுதும்.

பழைய_புலி

சிறிய கிளினிக்குக்கு இவ்வளவு நுணுக்கம் வேண்டியதில்லை என்பதற்காகச் சொன்னேன்.

அரைகுறை_டெவ்

ஓட்டிப் பார்த்தேன்.

```
step      shown   done
service    1000    620
date        620    590
time        590    310
name        310    298
phone       298    251
confirm     251    240
```

இப்போது தலை சுற்றவில்லை. ஆனால் முதல் படியிலேயே 380 பேர் போகிறார்களே, அதுதான் பெரிய ஓட்டை இல்லையா? வரவேற்பு வாசகத்தை மாற்றட்டுமா?

கோடை_மழை

சாட் பெட்டி தானாகத் திறக்கிறதா? எங்கள் தளத்தில் பக்கம் திறந்ததும் அதுவும் திறந்துகொள்ளும். அதைப் பார்த்து எரிச்சலாகி மூடுகிறவர்களும் 'தொடங்கியவர்கள்' கணக்கில் சேர்ந்துவிடுவார்கள்.

அரைகுறை_டெவ்

ஆமாம், தானாகத்தான் திறக்கும்.

மணல்மேடு

அப்படியானால் அந்த 380 பேரை ஒதுக்கி வையுங்கள். முன்பதிவு செய்ய வந்தவர்கள் என்று சொல்ல அவர்களிடம் ஓர் அடையாளமும் இல்லை. சேவையைத் தொட்ட 620 பேரிலிருந்து கணக்கு தொடங்கட்டும்.

வெண்டைக்காய்

இது நன்றாக இருக்கிறதே! பிடிக்காத எண்ணை ஒதுக்கிவிட்டால் எந்தச் சாட்பாட்டும் அழகுதான். 1000 பேரில் 240 என்றால் 24 சதவீதம். 620-இல் 240 என்றால் கிட்டத்தட்ட 39. மேலாளரிடம் எதைச் சொல்வார்?

கோடை_மழை

எண்ணை மறைக்கச் சொல்லவில்லையே. தானாகத் திறக்கும் பெட்டி நல்லதா கெட்டதா என்பது தனிக் கேள்வி, அதற்கு 1000 வேண்டும். உரையாடல் எங்கே அறுகிறது என்பதற்கு 620 போதும். இரண்டையும் கலந்தால் அடுத்த மாதம் பெட்டியைத் தானாகத் திறக்காமல் வைத்தவுடன் சதவீதம் ஏறிவிடும், பதிவு ஒன்றுகூடக் கூடியிருக்காது.

வெண்டைக்காய்

அதைத்தான் நானும் சொல்கிறேன், அடித்தளத்தை மாற்றினால் சதவீதத்துக்கு மதிப்பில்லை.

பழைய_புலி

30 நிமிடச் செஷனே தவறு. காலையில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வீட்டில் கேட்டுவிட்டு, இரவு வந்து பதிவு செய்கிறவர் உங்கள் கணக்கில் ஒரு தோல்வி, ஒரு வெற்றி. ஆள் அடையாளம் வைத்து ஏழு நாள் சாளரத்தில் எண்ண வேண்டும். எல்லாம் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

கோடை_மழை

தொனியை விடுங்கள், கருத்து சரி. ஆனால் குக்கீயை வைத்துத்தானே ஆளைக் கண்டுபிடிக்க முடியும்? காலையில் அலுவலகக் கணினி, இரவில் கைபேசி என்றால் ஏழு நாள் சாளரமும் அவரை இரண்டு பேராகத்தான் பார்க்கும்.

பழைய_புலி

இருந்தாலும் 30 நிமிடத்தை விட மேல்.

மணல்மேடு

சாளரச் சண்டை ஒரு பக்கம் நடக்கட்டும். அட்டவணையைப் பாருங்கள்: போன் நம்பரில் 298 பேரில் 47 பேர் போகிறார்கள், அதாவது ஆறில் ஒருவர். நேரத்தில் 590 பேரில் 280, ஏறக்குறைய பாதி. அந்த 47 பேரும் தங்கிவிட்டால்கூட 240 என்பது 287-ஐத் தாண்டப் போவதில்லை. கிளினிக் அழைத்து உறுதி செய்ய அந்த நம்பர் தேவைப்படும், அதை எடுத்துவிட்டு என்ன செய்வீர்கள்?

அடுத்த வேலை: அந்த 280 செஷன்களிலும் சாட்பாட் கடைசியாகச் சொன்ன வாசகம் எது என்று எடுத்து, வாசகம் வாரியாக எண்ணுங்கள். எந்தப் படி என்று எண் காட்டிவிட்டது. ஏன் என்பது அந்தக் கடைசி வாசகத்தில் இருக்கும். முடிந்தால் ஒரு முப்பது உரையாடலை உட்கார்ந்து படியுங்கள்.

அரைகுறை_டெவ்

280-இல் 190 பேர் கடைசியாகப் பார்த்தது: "மன்னிக்கவும், அந்த நாளில் இடம் இல்லை. வேறு தேதியைத் தேர்ந்தெடுக்கவும்." மீதி 90 பேருக்கு நேரப் பட்டியல் வந்திருக்கிறது, தொடவில்லை. படித்துப் பார்த்தேன். ஓர் ஆள் நான்கு தேதி கொடுக்கிறார், நான்குக்கும் அதே 'மன்னிக்கவும்'. கடைசியில் "எந்த நாள்தான் இருக்கு?" என்று டைப் செய்கிறார். அதற்கும் "சரியான தேதியைத் தேர்ந்தெடுக்கவும்" என்று பதில் போயிருக்கிறது.

வெண்டைக்காய்

அட கொடுமையே.

மணல்மேடு

1040 எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. தேதி 590 செஷனில் கிடைத்திருக்கிறது, மற்ற 450 வரியும் மறுபடி மறுபடி கேட்டு வாங்கியவை.

மாற்றம் இதுதான்: தேதி கேட்கும்போதே இடம் உள்ள நாட்களை மட்டும் பட்டனாகக் காட்டுங்கள். ஒரே ஒரு மாற்றம் போதும். வரவேற்பு, போன் நம்பர் எதையும் இப்போது தொடாதீர்கள், தொட்டால் எது பலன் தந்தது என்று பிறகு தெரியாது.

ஆனால் ஒன்று. மாற்றிய பிறகு நேரப் படியின் கணக்கு கண்டிப்பாக நன்றாகிவிடும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். தனக்கு வேண்டிய நாள் பட்டியலில் இல்லை என்று பார்ப்பவர் இனி தேதிப் படியிலேயே போய்விடுவார், அந்த இழப்பு ஒரு படி முன்னால் நகர்ந்திருக்கும். அதனால் படிகளின் சதவீதத்தை விட்டுவிட்டு, சேவையைத் தொட்டவர்களில் எத்தனை பேர் உறுதி வரை போனார்கள் என்பதை மட்டும் ஒப்பிடுங்கள்.

கோடை_மழை

போன வாரம், இந்த வாரம் என்று ஒப்பிடவும் கூடாது. இடம் நிரம்பிய வாரமும் காலியான வாரமும் ஒன்றல்ல. ஒரே காலத்தில் பாதிப் பேருக்குப் பழையது, பாதிப் பேருக்குப் புதியது. பிரிப்பது ஆள் வாரியாக இருக்கட்டும், செஷன் வாரியாகப் பிரித்தால் திரும்பி வருகிறவர் இரண்டையும் பார்த்துக் குழம்புவார்.

அரைகுறை_டெவ்

எத்தனை பேர் வரும் வரை காத்திருக்க வேண்டும்?

மணல்மேடு

இப்போது உங்கள் விகிதம் 39 சதவீதம் பக்கம். அது 49 ஆனால்தான் எனக்கு அக்கறை என்றால் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 400 பேர். 44 ஆனாலும் தெரிய வேண்டும் என்றால் 1500 பேர் பக்கம் வரும். வாரத்துக்கு 620 பேர் என்றால் முதலாவதை இரண்டாம் வாரத்தில் முடித்துவிடலாம், அடுத்ததற்கு ஐந்து வாரம் ஆகும். நடுவில் தினமும் எட்டிப் பார்த்து, ஏறிய நாளில் நிறுத்திவிடாதீர்கள்.

பழைய_புலி

அந்த நாட்களில் உண்மையிலேயே இடம் இல்லை என்றால் சாட்பாட் என்ன செய்யும்? இது மருத்துவர்களின் நேரப் பற்றாக்குறை. பட்டனை மாற்றினால் இடம் முளைக்காது.

கோடை_மழை

இதில் புலியோடு ஒத்துப்போகிறேன். அந்த 190 பேர் முதலில் கேட்ட தேதி எது என்பதையும் எடுங்கள். எல்லோரும் ஒரே கிழமையைக் கேட்டிருந்தால் அந்தப் பட்டியல் நேராகக் கிளினிக்குக்குப் போக வேண்டியது.

சுண்ணாம்பு

அப்படியே எங்கள் பேமென்ட் டேப் விஷயத்துக்கும் யாராவது வழி சொன்னால் நன்றாக இருக்கும்.

அரைகுறை_டெவ்

நடுவில் வர முடியவில்லை, மன்னிக்கவும். பாதிப் பேருக்குப் புதிய தேதிப் பட்டன் ஓடுகிறது. மணல்மேடு சார் சொன்ன மாதிரியே நேரப் படி சுத்தமாகிவிட்டது, தேதிப் படியில் போகிறவர்கள் கூடிவிட்டார்கள். உறுதி வரை வருகிறவர்கள் கொஞ்சம் ஏறின மாதிரி இருக்கிறது, ஆனால் பக்கத்துக்கு 400 இன்னும் சேரவில்லை. போன் நம்பர் அப்படியே இருக்கிறது. முதலில் கேட்ட தேதியைப் பார்த்தேன், பாதிக்கு மேல் சனிக்கிழமை. கிளினிக்குக்கு அனுப்பியிருக்கிறேன், பதில் இல்லை.

வெண்டைக்காய்

நேரப் பட்டியலைப் பார்த்தும் தொடாமல் போன அந்த 90 பேர்?