தாத்தாவின் கண்ணாடி ஃப்ரேம்: இதே போல எங்கே கிடைக்கும்?

தாத்தாவின் பழைய கண்ணாடியைத் துடைத்தபோது, காதில் மாட்டும் கம்பியின் உட்புறம் ஆங்கிலத்தில் ‘ஷுரான்’ என்றும் ‘5 3/4’ என்றும் பொறித்திருப்பதைப் பார்த்தேன். அது கம்பியின் நீளம், அங்குலத்தில். இன்றைய கணக்கில் சுமார் 146 மி.மீ. மேலே புருவம் போலத் தடித்த பிளாஸ்டிக், கீழே மெல்லிய உலோக விளிம்பு. அதனால் ஷுரான் நிறுவனத்திலிருந்து 1947-இல் வந்த ‘ரான்சர்’ மாடலோ என்று சந்தேகம். ஆனால் கம்பியை மட்டும் யாராவது மாற்றியிருக்கலாமே! கீல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

மூக்குப் பாலத்தில் எழுத்து தேய்ந்துவிட்டது. அளந்ததில் லென்ஸ் அகலம் 48, பாலம் 22 மி.மீ. இது ரான்சர்தானா? இதே அளவில் பழைய ஸ்டாக் வைத்திருக்கும் கடை தெரிந்தால் சொல்லுங்கள். சும்மா அதே சாயலில் வரும் புது ஃப்ரேம் வேண்டாம்.