மீட்பு மின்னஞ்சலை மாற்றினால் முதலாளிக்கே 7 நாள் பூட்டா?

நொய்யல்கரை (திருப்பூர்):
திங்கட்கிழமை எங்கள் விற்பனைத் தளக் கணக்கின் மீட்பு மின்னஞ்சலை மாற்றினேன். பழைய முகவரி, வேலையை விட்டுப் போன கணக்குப்பிள்ளையுடையது. இப்போது புது வங்கிக் கணக்கையும் சேர்க்க முடியவில்லை, இருக்கும் பணத்தையும் எடுக்க முடியவில்லை. 7 நாள் பொறுக்கச் சொல்கிறது. பாஸ்வேர்டு தெரிந்து, ஓடிபியும் போட்டவனுக்கு எதற்குப் பூட்டு? சனிக்கிழமை டெய்லர்களுக்குச் சம்பளம் போட வேண்டுமுங்க.

சர்வர் ரூம் (பீளமேடு):
அண்ணா, திருடனும் பாஸ்வேர்டும் ஓடிபியும் வைத்துக்கொண்டுதான் வருகிறான். வந்ததும் முதல் வேலையாக மீட்பு மின்னஞ்சலை மாற்றுவான், அப்போதுதான் நீங்கள் திரும்பி உள்ளே வர முடியாது. அடுத்து வங்கிக் கணக்கு. இரண்டுக்கும் பத்து நிமிஷம் போதும். அதை 7 நாளாக இழுத்தால், பழைய முகவரிக்குப் போன தகவலைப் பார்த்து உரியவர் ‘இது நான் இல்லை’ என்று சொல்ல நேரம் கிடைக்கும். கூகுளில் மீட்பு எண்ணை மாற்றினாலும் 7 நாள் வரை பழைய எண்ணுக்குக் குறியீடு வாங்க வழி இருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் பாதுகாப்புத் தகவல் மொத்தத்தையும் ஒரேயடியாக மாற்றினால் 30 நாள். அதற்குள் பழைய தகவல் கையில் உள்ளவர் அந்தக் கோரிக்கையை ரத்து செய்யலாம்.

மஞ்சள் மண்டி (ஈரோடு):
எனக்கும் இதே கதைதானுங்க. நேற்று போன் மாற்றினேன், யுபிஐயில் 5000 ரூபாய்க்கு மேல் போகமாட்டேன் என்கிறது. பின்னை மாற்றிப் பார்க்கட்டுமா?

சர்வர் ரூம்:
அது வேறுங்க. புது போனில் யுபிஐ போட்டால் பொதுவாக முதல் 24 மணி நேரத்துக்கு அந்த வரம்பு இருக்கும், ஐபோனில் இன்னும் கூடுதலாக இருக்கலாம். பின்னைத் தொடாமல் விடுங்கள், தானாகச் சரியாகிவிடும்.

தறிக்காரர் மகன் (சென்னிமலை):
நொய்யல்கரை அண்ணன் ஆறு வருஷமாக அதே கம்ப்யூட்டர், அதே ஆபீஸ் என்றால் அதை நம்பி உடனே விடலாமே? புது இடத்திலிருந்து வருகிறவனை மட்டும் நிறுத்தினால் போதும்.

சர்வர் ரூம்:
பாதி சரி தம்பி. பழகிய கம்ப்யூட்டரை நிறைய சேவைகள் கணக்கில் எடுக்கத்தான் செய்கின்றன. ஆனால் குக்கீ திருட்டு என்று ஒன்று இருக்கிறது. ஒருமுறை உள்ளே வந்தவரை மறுபடி பாஸ்வேர்டு கேட்காமல் அடையாளம் காண, தளம் பிரவுசரில் வைக்கும் சின்னத் தகவல்தான் குக்கீ. எனக்குத் தெரிந்த ஒரு எம்ப்ராய்டரி யூனிட்டில், காசு கொடுக்காமல் இறக்கிய டிசைன் சாஃப்ட்வேரோடு வைரஸும் வந்தது. அது பிரவுசரில் இருந்த குக்கீயை அள்ளிக்கொண்டு போய்விட்டது. பாஸ்வேர்டே கேட்காமல், அவர்களுடைய பிரவுசர் போலவே திருடன் உள்ளே வந்தான். மெயிலில் ஒரு ஃபில்டரும் போட்டு வைத்தான்: ‘security’ என்ற சொல் வந்தால் நேராகக் குப்பைக்கு. எச்சரிக்கை வந்ததே யாருக்கும் தெரியவில்லை. நாலாம் நாள், கூரியர் பில்லைத் தேடிக் குப்பையைத் திறந்தபோதுதான் பார்த்தார்கள். பூட்டு இருந்ததால் பணம் தப்பியது. ஜிமெயில் வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸில் Filters and Blocked Addresses பகுதியை ஒருமுறை திறந்து பாருங்கள், நீங்கள் போடாத வரி இருந்தால் யாரோ உள்ளே வந்திருக்கலாம்.

நொய்யல்கரை:
சரி, அந்த யூனிட்டில் தகவல் அவர்கள் மெயிலுக்கே வந்தது. என் விஷயத்தில் அது போனது கணக்குப்பிள்ளைக்கு. ‘இது நான் இல்லை’ என்று அவர் ஒரு தட்டு தட்டினால் என் மாற்றம் ரத்தாகிவிடும். அப்படியென்றால் இந்தப் பூட்டு யாரைக் காக்கிறது?

சர்வர் ரூம்:
அது நிஜமான ஓட்டைதான் அண்ணா, ஒப்புக்கொள்கிறேன். பழைய முகவரி யார் கையில் இருக்கிறதோ அவரையே உரிமையாளர் என்று நினைக்கிறது. ஆள் வேலையில் இருக்கும்போதே உங்கள் முகவரியைச் சேர்த்து, காத்திருப்பு முடிந்தபின் அவருடையதை எடுத்திருக்க வேண்டும். இப்போது மறுபடி எதையும் மாற்றாதீர்கள். பல இடங்களில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் நாள் முதலிலிருந்து எண்ணப்படும்.

நொய்யல்கரை:
எந்தக் கிழமை மாற்றினாலும் 7 நாளுக்குள் ஒரு சனிக்கிழமை வந்தே தீரும். புது வங்கிக் கணக்கைச் சேர்ப்பதைத் தடுக்கட்டும், அது நியாயம். ஏற்கெனவே பணம் போய்க்கொண்டிருக்கும் பழைய கணக்குக்குப் போவதை எதற்குத் தடுக்க வேண்டும்?

தறிக்காரர் மகன்:
இது சரியாகப் படுகிறது. திருடனுக்கு அதில் என்ன லாபம்?

சர்வர் ரூம்:
நானும் அப்படித்தான் வடிவமைப்பேன். ஒன்று கேட்கிறேன் அண்ணா, அந்தப் பழைய கணக்கின் நெட் பேங்கிங் யாரிடம் இருந்தது?

நொய்யல்கரை:
அவரிடமும் இருந்தது. அதனால்தான் வங்கியையே மாற்றக் கிளம்பினேன். நாளைக் காலையில் முதல் ஆளாகக் கிளைக்குப் போய் அதை முடக்குகிறேன். ஆனாலும் பழைய கணக்குக்குப் பணம் போக விட்டிருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றமில்லைங்க. இந்த வாரச் சம்பளத்துக்கு மச்சானிடம் கைமாற்று கேட்டிருக்கிறேன்.