கார்பெட் ஏரியாவுக்கு மாற்றிப் பார்த்தால் எது மலிவு?

வணக்கம் நண்பர்களே, மேடவாக்கம் பக்கம் இரண்டு ஃப்ளாட் பார்த்திருக்கோம்.

முதல் பில்டர் சூப்பர் பில்ட்-அப் 1200 சதுர அடிக்கு 6500 வீதம் 78 லட்சம் சொல்றார். அதில் ரெரா கார்பெட் 840தான். அப்படின்னா அடிக்கு சுமார் 9286 ரூபாய் ஆகுது!

இரண்டாமவர் பில்ட்-அப் 1000 அடி, 74 லட்சம்னு சொல்றார். கார்பெட் கேட்டா மழுப்புறார். பிளான்ல அளந்து வெளிச்சுவர் 80, பால்கனி 50 கழிச்சேன். உள்சுவர் ரெரா கணக்கில் சேரும்ங்கிறதால அதைத் தொடலை. மிச்சம் 870, அடிக்கு சுமார் 8506.

முதல் வீட்டில் பால்கனி பெரிசு. ரெரா கார்பெட்டில் அது வராதே, ரெண்டு பக்கமும் பால்கனியைக் கூட்டி ஒப்பிடலாமா? டக்ட் இடத்தையும் கழிக்கணுமா? வாங்கின அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.