மதியச் சோற்றின் மேல் நான் போட்ட பழி

தக்கலை மருமகள்:
ஞாயிற்றுக்கிழமை வந்தால் எனக்கு ஒரே பாடுதான். மதியம் சம்பா அரிசிச் சோறும் பருப்பும் சாம்பாரும் சாப்பிட்டு எழுந்த கொஞ்ச நேரத்தில் வயிறு மத்தளம் போல ஆகிவிடும். உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது. சோறுதான் காரணம் என்று முடிவு செய்து, இரண்டு மாதம் ஞாயிறு மதியம் சப்பாத்தி சாப்பிட்டேன். வீக்கம் குறையவில்லை, கூடியது.

அப்புறம்தான் சமையலறைக் காலண்டரில் என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு வயிறு ஊதியது என்று எழுத ஆரம்பித்தேன். நாலு வாரம் எழுதியதும் ஒன்று கண்ணில் பட்டது. திங்கள் முதல் சனி வரையும் அதே சோறுதான், ஆனால் வீக்கம் இல்லை. ஞாயிறு மட்டும் காலை எட்டரைக்குப் புட்டும் கடலைக்கறியும். வயிறு ஊதத் தொடங்குவது ஒன்றரைக்கு. நடுவில் ஐந்து மணி நேரம்.

அடுத்த ஞாயிறு காலை புட்டுக்குக் கடலைக்குப் பதில் பழமும் பப்படமும் எடுத்தேன். மதியம் வழக்கம்போல இரண்டு தடவை சோறு. வயிறு சாதாரணமாக இருந்தது. இவ்வளவு நாளும் சோற்றைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். இப்படி யாருக்காவது நடந்திருக்கிறதா?

வடசேரிக்காரி:
தங்கச்சி, நான் உணவியல் படித்து, நோயாளிகளுக்குச் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் வேலை பார்க்கிறேன். உங்கள் காலண்டர் சரியாகவே காட்டியிருக்கிறது. கடலையிலும் பயறிலும் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்று சில சர்க்கரைகள் உண்டு. அவற்றை உடைக்கும் நொதி நம் சிறுகுடலில் கிடையாது. அதனால் அப்படியே பெருங்குடலுக்குப் போகின்றன, அங்கே இருக்கும் நுண்ணுயிர்கள் அவற்றைப் புளிக்க வைக்கின்றன. வாயு உண்டாவது அங்கேதான். அந்த இடத்துக்குப் போய்ச் சேரவே சில மணி நேரம் ஆகும். அதனால் காலையில் தின்ற கடலை மதியச் சோற்றுக்குப் பின்னால் வந்து நிற்கிறது, பழி சோற்றின் மேல் விழுகிறது.

சுடச்சுடச் சாப்பிடும் சோறு அநேகமாக முழுவதும் சிறுகுடலிலேயே செரித்துவிடும். தானியங்களில் வாயு மிகக் குறைவாகத் தருவது அரிசிதான். கோதுமை அதைவிட அதிகம் தரும், உங்கள் சப்பாத்தி வாரங்களில் கூடியதற்கு அது காரணமாக இருக்கலாம். ஆனால் ஒன்று: சாப்பிட்டு எழுந்த அரைமணிக்குள் மேல்வயிறு கனத்தால் அது வேறு விஷயம். அளவு கூடியது, வேகமாக விழுங்கியது போன்ற காரணங்களைப் பார்க்க வேண்டும்.

கடலையை எப்படி ஊறவைத்தீர்கள் என்று சொல்லுங்கள்.

தக்கலை மருமகள்:
அக்கா, சனி இரவு மறந்துவிடுவேன். ஞாயிறு காலை வெந்நீர் ஊற்றி ஒரு மணி நேரம் வைப்பேன். சத்து போய்விடும் என்று அத்தை சொல்வதால், அந்தத் தண்ணீரோடேயே குக்கரில் போடுவேன்.

குழித்துறை சமையல்காரர்:
அதுதான் கோளாறு. நான் கல்யாண வீடுகளில் சமைப்பவன். கறுப்புக் கடலையை முதல் நாள் சாயங்காலமே தாராளமான தண்ணீரில் போடுவேன், கால் கிலோவுக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல். படுக்கப் போகும் முன் ஒருமுறை தண்ணீரை மாற்றுவேன். காலையில் வடித்து, அலசி, புதுத் தண்ணீரில் வேகவைப்பேன். ஊறிய தண்ணீர் நுரைத்து, மங்கலாக இருக்கும். அதைச் சட்டியில் ஊற்றக் கூடாது.

வேகவில்லை என்றாலும் கஷ்டம். விசில் எண்ணிக்கையை நம்பாதீர்கள். ஒரு கடலையை இரு விரலால் நசுக்கினால் நடுவில் வெள்ளையாகப் பொடி தெரியக் கூடாது, மாவாக வர வேண்டும். எங்கள் பக்கத்துப் போர்வெல் தண்ணீர் உப்புச் சுவையாக இருந்தால் எவ்வளவு நேரம் போட்டாலும் வேகாது. அப்போது கிணற்றுத் தண்ணீரோ வாட்டர் கேனோ எடுப்பேன். ஆப்பசோடா போட்டால் மெதுவாகும், ஆனால் ருசி கெடும், நான் போடுவதில்லை.

கடைசியில் அரைத்து விடும் தேங்காயோடு சீரகம், பெருங்காயம், இஞ்சி சேர்ப்பேன். அவை வாயுவை அறுத்துவிடும்.

குளச்சல் பாட்டி வீடு:
எங்கள் பாட்டி சொல்லும் வழி இதைவிட எளிது. பயறு, காணம், கடலை எதுவாக இருந்தாலும் பத்துப் பன்னிரண்டு பல் பூண்டு போட்டு வேகவைத்தால் போதும். பூண்டு வாயுவை எடுத்துவிடும். ஊறவைக்கும் வேலையே தேவையில்லை. எனக்கு வாயு இருப்பதில்லை.

வடசேரிக்காரி:
உங்களுக்கு ஒத்துப்போவதில் சந்தேகமில்லை, தினமும் பயறு சாப்பிட்டுப் பழகிய வயிற்றில் தொந்தரவு குறைவாகவே தெரியும். ஆனால் பூண்டிலும் சின்ன உள்ளியிலும் ஃப்ரக்டான் என்ற இன்னொரு சர்க்கரை இருக்கிறது. அதுவும் பெருங்குடலில் புளிப்பதுதான். வயிறு எளிதில் ஊதும் ஒருவருக்குப் பத்துப் பல் பூண்டு நெருப்பில் நெய் ஊற்றியது போல. ஆனால் ஃப்ரக்டான் எண்ணெயில் கரையாது. அதனால் தேங்காயெண்ணெயில் பூண்டை வதக்கி, பூண்டை எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் மணம் மட்டும் வரும்.

சமையல்கார அண்ணன் சொன்ன மசாலாக்கள் பற்றியும் ஒரு வார்த்தை. சர்க்கரை வெளியேறுவது ஊறவைத்து, நீர் கொட்டி, புது நீரில் வேகவைக்கும்போதுதான். அதிலும் முழுவதும் போகாது, குறையும், அவ்வளவுதான். இஞ்சி இரைப்பை காலியாவதைக் கொஞ்சம் வேகப்படுத்தும். சீரகம், ஓமம், பெருங்காயம் பலருக்கு இதமாக இருக்கிறது, ஆனால் கடலையில் இருக்கும் சர்க்கரையை அவை அழிப்பதாக நான் சொல்ல மாட்டேன். கடையில் கிடைக்கும் பெருங்காயப் பொடியில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும், கோதுமை ஆகாதவர்கள் பார்த்து வாங்க வேண்டும்.

குழித்துறை சமையல்காரர்:
அக்கா, முப்பது வருஷமாக ஓமத்தண்ணீர் கொடுத்து வீட்டில் குழந்தைகளைத் தூங்க வைத்திருக்கிறோம். அதை ஒன்றுமில்லை என்று ஒதுக்க எனக்கு மனசில்லை.

மார்த்தாண்டம் வாத்தியார்:
எனக்கும் வாயுத் தொந்தரவு உண்டு, அதனால் எழுதுகிறேன். சாப்பிட்டதும் நெஞ்சு நடுவில் இறுக்கும், இடது தோளுக்குப் போகும். வாயுதான் என்று ஒரு வாரம் சுக்குக் கஷாயம் குடித்தேன். படியேறும்போது வியர்த்ததும் மனைவி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். இருதயக் குழாய் அடைப்பு. பயறு ஊறவைப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தெரியும். ஆனால் எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் வாயு என்றே பெயர் வைக்கிறோம்.

வடசேரிக்காரி:
ஐயா, எழுதியது நல்லது. எடை குறைவது, மலத்தில் ரத்தம், இரவில் வலியால் விழிப்பது, நடுவயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கி விடாமல் நிற்கும் வயிற்று வீக்கம், இவற்றையும் சமையலால் சரிசெய்யப் பார்க்க வேண்டாம். டாக்டரிடம் போக வேண்டும்.

தக்கலை மருமகள்:
மூன்று ஞாயிறு ஆகிவிட்டது. முதல் வாரம் சனி மாலை ஆறு மணிக்குக் கடலை ஊறவைத்து, பத்து மணிக்கு நீர் மாற்றி, காலையில் புதுத் தண்ணீரில் வேகவைத்தேன். வயிறு ஊதியது, ஆனால் பழைய அளவில் பாதி என்று சொல்லலாம். இரண்டாம் வாரம் அதே முறை, தட்டில் ஒரு கரண்டி மட்டும். கிட்டத்தட்ட இல்லை. மூன்றாம் வாரம் அத்தை ஊறிய தண்ணீரை எனக்குத் தெரியாமல் சேர்த்துவிட்டார்கள். இரண்டு மணிக்கு எனக்குத் தெரிந்துபோனது.

சாம்பாருக்குத் துவரம்பருப்பை வேகவைத்த நீரைக் கொட்ட முடியாதே, அதற்கு என்ன செய்வது? இப்போதைக்குச் சிறுபயற்றம் பருப்புக்கு மாறியிருக்கிறேன், அது இலேசாக இருக்கிறது. துவரையை அரைமணி ஊறவைத்து அந்த நீரை மட்டும் கொட்டினால் போதுமா என்று அடுத்த வாரம் பார்த்துச் சொல்கிறேன்.