மருமகனுக்குச் சமையல் சாமான் வாங்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

கிளிநொச்சி மாமி:
அண்ணன் மகனுக்கு வரும் மாதம் 4 வயது. அவர்கள் இருப்பது மல்லாவியில். பெடியன் எந்நேரமும் அப்பம்மாவோடு குசினியில்தான். முற்றத்தில் விட்டாலும் சிரட்டையில் மண் அள்ளிச் சோறு காய்ச்சி, வாறவர் போறவருக்கெல்லாம் பரிமாறுவான். அதனால் ஒரு சமையல் செட் வாங்கலாம் என்று கடைக்குப் போனேன். "பெட்டையோ பெடியனோ?" என்றார் கடைக்காரர். பெடியன் என்றதும் கார், துவக்கு இருந்த பக்கம் கூட்டிக்கொண்டு போய்விட்டார். சமையல் செட் எல்லாம் ரோஸ் பெட்டியில், மேலே பெட்டைப் பிள்ளையின் படம். அண்ணனிடம் அதை நீட்டினால் முகம் சுருங்கும். மச்சாள் ஒன்றும் சொல்லமாட்டா, ஆனால் செட் அலுமாரிக்கு மேலே போய்விடும். யாராவது இப்படி வாங்கிக் கொடுத்திருக்கிறீர்களா?

நெடுங்கேணித் தம்பி:
எனக்கு மற்றப் பக்கம். அக்கா முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போகிறா. அவவின் மகளுக்கு நான் பெட்டியோடு ஒரு விளையாட்டு உழவு மெசின் வாங்கிக் கொடுத்தேன். "இவளை ஆம்பிளையாக்கப் போறியோ?" என்று அத்தான் கேட்டார். வெடி தோண்டும் மனுசியை வீட்டில் வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வி! நான் வாய் திறக்கவில்லை. மருமகள் பெட்டியில் நெல்லு நிரப்பி, மேலே பாவைப்பிள்ளையையும் இருத்தி, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு திரிந்தாள். அத்தானே பிறகு கழன்ற சில்லைப் பூட்டிக் கொடுத்தார்.

புதுக்குடியிருப்பு அம்மா:
துவக்கு வாங்கவே வேண்டாம் தங்கச்சி. கனடாவில் இருந்து தம்பி ஒன்று அனுப்பியிருந்தான், சத்தம் போடுகிற சாமான். மகன் அதை அமத்தினதும் அப்பு எழும்பி வெளியே போய்விட்டார். அன்றைக்கே ஒளித்துவிட்டேன்.

கிளிநொச்சி மாமி:
இல்லை அக்கா, துவக்கு வாங்கும் எண்ணமே இல்லை. நான் கேட்டது சமையல் சாமான்.

வவுனியாக்காரன்:
நிறம்தான் பிரச்சினை. பச்சை, மஞ்சளில் வாங்குங்கள், அலுவல் முடிந்தது.

மாங்குளம் ரீச்சர்:
நிறத்தை மாற்றினால் பெற்றோருக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும், அது சரி. ஆனால் அலுவல் அங்கே முடியாது. என்னுடைய முன்பள்ளியில் வீட்டு மூலையில் சட்டி பானை இருக்கிறது. 3 வயதுப் பெடியன்கள் கூச்சமில்லாமல் அதில் விளையாடுவார்கள். 4, 5 வயதாகும்போது "இது பெட்டையளின்ர" என்று பிள்ளைகளே சட்டம் பேசத் தொடங்குவார்கள். தாங்கள் ஆணா பெண்ணா என்பது விளங்கியவுடன் அந்தப் பக்கத்து வழக்கங்களை இறுக்கிப் பிடிக்கிற வயது அது. உங்கள் மருமகன் அந்த வாசலில் நிற்கிறான். அவன் முன்னால் சாமானை வைத்துப் பெரியவர்கள் வாதாடினால், பச்சைச் சட்டியையும் தொடமாட்டான்.

அண்ணனுக்கு அனேகமாகச் சட்டியில் கோபம் இருக்காது. சனம் சிரிக்கும் என்ற பயம்தான் இருக்கும். சரி, அவர் என்ன தொழில் செய்கிறார்?

கிளிநொச்சி மாமி:
தேத்தண்ணிக் கடை. பின்னேரம் கொத்தும் போடுவார்.

மாங்குளம் ரீச்சர்:
பிறகென்ன! விளையாட்டுச் சாமான் கடையை விடுங்கள், பாத்திரக் கடைக்குப் போங்கள். பிடி வைத்த சின்னக் குவளை இரண்டு, ஒரு தேத்தண்ணி வடி, ஒரு தட்டம், விளிம்பு வெட்டாத சின்னச் சட்டி. விளையாட்டுத் தராசு கிடைத்தால் அதையும் சேருங்கள். ரோஸ் பெட்டியும் இல்லை, படமும் இல்லை. பிறந்தநாளன்று எல்லாருக்கும் முன்னால் பிரிக்க வைக்காதீர்கள். இரண்டு நாள் முந்தியே அண்ணனுக்குப் போன் எடுத்து, "உன்ர கடையைப் பார்த்துத்தான் இவன் விளையாடுறான், கடைச் சாமான் வாங்கட்டா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிட்டு, சாமானை உங்கள் வீட்டில் வையுங்கள். வரும்போது விளையாடட்டும்.

கிளிநொச்சி மாமி (பிறகு எழுதியது):
கேட்டேன். "வடி வேண்டாம், கம்பி குத்தும், துணி வடியா வாங்கு" என்றார், அவ்வளவுதான். இப்போது தகப்பனும் மகனும் முற்றத்தில் நின்று தண்ணியை உயர்த்தி ஆத்துகிறார்கள். பாதி நிலத்தில். அம்மாதான் "இப்ப என்னோட குசினிக்கு வாறதில்லை" என்று முறைப்படுகிறா.

நெடுங்கேணித் தம்பி:
சந்தோசம். ஆனால் ரீச்சர், ஒன்று இடிக்கிறது. கடை என்றால் ஆம்பிளை வேலை, குசினி என்றால் பொம்பிளை வேலை என்ற கணக்கை வைத்துத்தானே அண்ணனைச் சம்மதிக்க வைத்தீர்கள்?

மாங்குளம் ரீச்சர்:
ஓம், அது உண்மை. பெடியன் கையில் சட்டி இருக்கட்டும் என்று பார்த்தேன். அண்ணனின் எண்ணம் மாறினதாகச் சொல்லமாட்டேன். நாளைக்கு அவன் பாவைப்பிள்ளை கேட்டால் இந்தக் கடைக் கதை உதவாது.

வவுனியாக்காரன்:
எங்கள் வீட்டில் அதுதான் இப்போது நடக்கிறது. தங்கச்சி பிறந்ததில் இருந்து பெரியவன் துவாயைச் சுருட்டித் தாலாட்டுகிறான். பாவைப்பிள்ளை வாங்கலாம் என்றேன். துவாய் போதும் என்கிறா அவனுடைய தாய்.