சஜஸ்ட், டிமாண்ட்: மாணவர்களுக்கு எப்படிப் பிரித்துக் காட்டுவது?

வணக்கம். நான் மதுரையில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கணம் எடுக்கிறேன். போன மாதத்திலிருந்து ஒரே இடத்தில் நிற்கிறோம்.

‘ஐ வான்ட் ஹிம் டு கோ’ சரியாக எழுதுகிறார்கள். அதே அச்சில் ‘ஐ சஜஸ்டட் ஹிம் டு கோ’ என்றும் எழுதிவிடுகிறார்கள். ‘ஐ சஜஸ்டட் தட் ஹி கோ’ என்றுதான் வர வேண்டும். பிரிட்டிஷ் வழக்கில் ‘ஹி ஷுட் கோ’ என்றும் வரும். ‘அவனைப் போகச் சொன்னேன்’ என்றே யோசிக்கும் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

முதலில் பொருளை வைத்துப் பிரித்துப் பார்த்தேன். ஆர்டர், டிமாண்ட் இரண்டும் கட்டளைதான். ஆனால் ‘ஆர்டர்ட் ஹிம் டு கோ’ சரி, ‘டிமாண்டட் ஹிம் டு கோ’ தவறு. அட்வைஸ், சஜஸ்ட் ஜோடியும் இப்படியே.

அப்புறம் செயப்பாட்டு வினையாக மாற்றச் சொன்னேன். ‘ஹி வாஸ் அட்வைஸ்ட் டு கோ’ வரும், ‘ஹி வாஸ் சஜஸ்டட் டு கோ’ வராது. நன்றாகத்தான் போனது, வான்ட் வரும்வரை. ‘ஹி வாஸ் வான்டட் டு கோ’ என்று யாரும் சொல்வதில்லை, ஆனாலும் ‘வான்ட் ஹிம் டு கோ’ சரி. தவிர, காதுக்கு எது சரி என்று ஏற்கெனவே தெரிந்தவருக்குத்தான் இந்தச் சோதனை உதவும்.

பட்டியலை மனப்பாடம் செய்யவும் வைத்தேன். இன்சிஸ்ட், ப்ரபோஸ் என்று புதிய வினை வந்தால் மறுபடி அதே தவறு. ரெகமெண்ட் இன்னும் சிக்கல். அதை இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள்.

புதிய வினை ஒன்றைப் பார்த்ததும் அது எந்த வகை என்று மாணவர் தானே கண்டுபிடிக்க, உங்கள் வகுப்பில் பலித்த வழி ஏதாவது உண்டா?