ஒரே முகவரியில் இரண்டு உணவகங்கள்: வரைபடத்தில் பழையதை எப்படி மூடுவது?

கும்பகோணத்தில் பேருந்து நிலையத்துக்கு அருகே கடந்த மார்ச்சில் சைவ டிபன் கடை திறந்தோம். அதே கட்டடத்தில் முன்பு ஒரு பிரியாணிக் கடை இருந்தது. வரைபடச் செயலியில் அது இன்னும் திறந்திருப்பதாகவே காட்டுகிறது. நம் வாசலுக்கு வந்து சிக்கன் கேட்கிறார்கள். சைவம் தேடுகிறவர்கள் அந்தப் பழைய கடையின் படங்களைப் பார்த்துவிட்டு வராமலே போகிறார்கள்.

எங்கள் பெயரில் தனிப் பதிவு தொடங்கி, பெயர்ப் பலகையையும் சமையலறையையும் வீடியோ எடுத்து அனுப்பிச் சரிபார்ப்பும் முடிந்துவிட்டது. காலை 6 முதல் 11, மாலை 4 முதல் 10 என நேரத்தை இரண்டு பகுதியாகக் கொடுத்திருக்கிறேன். முன்பு ஒரே நீட்டாகப் போட்டிருந்தபோது மதியம் வந்தவர்கள் பூட்டைப் பார்த்துத் திட்டினார்கள். பகல் வெளிச்சத்தில் எடுத்த முகப்பு, விலைப்பட்டியல், தோசைப் படங்களும் இருக்கின்றன. இதில் குறையில்லை.

பழைய பதிவில் Suggest an edit வழியாக ‘நிரந்தரமாக மூடப்பட்டது’ என்று பலமுறை அனுப்பினேன், ஏற்கப்படவில்லை. பழைய உரிமையாளர் தொலைபேசியை எடுப்பதில்லை. அந்தப் பதிவையே கோரிப் பெற்றுப் பெயரை மாற்றச் சொல்கிறார் நண்பர். அப்படிச் செய்தால் பிரியாணி விமர்சனங்கள் நம் தலையில் விழும், எனக்கு அது வேண்டாம்.

பழைய கடை மூடப்பட்டதற்கு எந்தச் சான்றைச் சேர்த்து அனுப்பினால் ஏற்கிறார்கள்: இப்போதைய பலகையின் படமா, வாடகை ஒப்பந்தமா, வேறு ஏதாவதா?